பார்ட்டி ஹால் டெபாசிட்டில் எவ்வளவு பிடிக்கலாம்?

கேள்வி: வணக்கம் சார். மேடவாக்கம் பக்கம் 84 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் செயலாளர். பார்ட்டி ஹால் தரைத்தளத்தில் இருக்கிறது, அதற்கு நேர்மேலே இரண்டு வீடுகள். விதி என்று இருப்பது ஒரே வரி: "நாள் வாடகை ரூ.3,000, டெபாசிட் ரூ.5,000, சுத்தம் செய்து ஒப்படைக்க வேண்டும்." போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் பாட்டு இரவு 10:40 வரை ஓடியது, ஹாலைக் காலி செய்தபோது 11:15. மறுநாள் காலை 6 மணிக்குப் பெயர் சூட்டு விழாவுக்கு வந்த குடும்பம் குப்பையைப் பார்த்துக் கொதித்துப்போனது. அவசரமாக ஆள் வைத்துச் சுத்தம் செய்ய 1,400 ரூபாய், சிங்க் அடைப்புக்கு பிளம்பர் 600, டேப் ஒட்டிப் பெயர்ந்த சுவருக்கு பெயிண்டர் கேட்பது 3,500. ஆக 5,500 என்று சொல்லி டெபாசிட் முழுவதையும் கமிட்டி நிறுத்திவிட்டது. "எந்த விதியில் பிடித்தீர்கள்?" என்று பிறந்தநாள் விழா நடத்தியவர் மெயின்டனன்ஸ் கட்ட மறுக்கிறார். நாங்கள் செய்தது சரியா? புதிய விதியை எப்படி எழுதுவது? வாடகைக்கு இருப்பவர்கள், வெளியாட்கள் கேட்டால் ஹாலைக் கொடுக்கலாமா? எங்கள் மெயின்டனன்ஸ் வீட்டுக்கு மாதம் 3,200.

பதில்: வணக்கம். நீங்கள் 5,000-ஐயும் நிறுத்தியது சரியில்லை. 2,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி 3,000-ஐ இந்த வாரமே அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று புரிந்துவிட்டால், புதிய விதியில் என்ன இருக்க வேண்டும் என்பதில் பாதி தானாகவே தெளிந்துவிடும். அதனால் முதலில் அதையே பார்ப்போம்.

டெபாசிட் என்பது அவருடைய பணம். சங்கத்திடம் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான். அதிலிருந்து பிடிக்க இரண்டு விஷயங்கள் வேண்டும். அவர் ஒப்புக்கொண்ட ஒரு நிபந்தனையை மீறியிருக்க வேண்டும். அந்த மீறலால் சங்கத்துக்கு நியாயமான ஒரு செலவு வந்திருக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்வதன் சாரமும் இதுதான்: ஒப்பந்தத்தில் ஒரு தொகையைக் குறித்து வைத்திருந்தாலும் அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் வாங்க முடியும். "மீறினால் டெபாசிட் முழுவதும் பறிமுதல்" என்று எழுதி வைக்கிற சங்கங்கள் பல உண்டு. யாராவது உறுதியாக எதிர்த்துக் கேட்டால் அந்த வரி நிற்காது.

இப்போது உங்கள் மூன்று செலவுகளுக்கு வருவோம். சுத்தம் செய்ய ஆன 1,400-ஐப் பிடிக்கலாம். "சுத்தம் செய்து ஒப்படைக்க வேண்டும்" என்று உங்கள் ஒற்றை வரி விதியிலேயே இருக்கிறது, அவர் செய்யவில்லை, நீங்கள் செலவழித்திருக்கிறீர்கள். பிளம்பரின் 600-ம் அப்படியே. முந்தைய நாள் ஓடிய சிங்க், விருந்து முடிந்த மறுநாள் காலையில் சோறும் எண்ணெயுமாக அடைத்துக்கொண்டிருந்தால் அதில் பெரிய வாதத்துக்கு இடமில்லை.

பெயிண்டர் கேட்கும் 3,500-இல்தான் சிக்கல். அது முழுச் சுவருக்கும் புதிதாக அடிக்கும் செலவு. அந்தச் சுவர் நேற்று அடித்ததாக இருக்காது. மூன்று வருடத்துக்கு முன் அடித்தது என்று வைத்துக்கொள்வோம். உள்சுவருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அடிப்பது உங்கள் வழக்கம் என்றால், அந்த பெயிண்டின் ஆயுளில் மீதி இருப்பது ஐந்தில் இரண்டு பங்கு. அப்படிப் பார்த்தால் அவரிடம் கேட்கக்கூடியது 1,400. பழைய சுவரைக் கொடுத்துவிட்டு அவர் செலவில் புதிய சுவரை வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் இந்த 1,400-ஐக்கூட இப்போது விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். சாவியைக் கொடுக்கும்போது சுவர் எப்படி இருந்தது என்று காட்டும் ஒரு படமாவது, இரு தரப்பும் கையெழுத்திட்ட குறிப்பாவது இருந்தால் உங்கள் கடிதத்தில் சொல்லியிருப்பீர்கள். இல்லாத நிலையில் "அது ஏற்கெனவே பெயர்ந்திருந்தது" என்று அவர் சொன்னால் உங்களிடம் பதில் இல்லை. அவராகவே ஒப்புக்கொண்டால் வாங்குங்கள், இல்லாவிட்டால் வேண்டாம்.

10:40 வரை பாட்டு, 11:15-க்குக் காலி செய்தது, இவற்றுக்காக இப்போது ஒரு பைசாகூடப் பிடிக்க முடியாது. நாள் வாடகை என்று கொடுத்திருக்கிறீர்கள். நாள் எத்தனை மணிக்கு முடிகிறது என்று எங்கும் எழுதவில்லை. பெயர் சூட்டு விழாக் குடும்பத்துக்கு ஹால் தயாராக இல்லாததற்கும் காரணம், இரண்டு நிகழ்ச்சிக்கும் நடுவே சுத்தம் செய்ய நேரம் ஒதுக்காததுதான். அவர்கள் வாடகையில் ஆயிரம் ரூபாயைச் சங்கத்தின் பணத்திலிருந்து திருப்பிக் கொடுங்கள். அந்தப் பழியைப் பிறந்தநாள் வீட்டார் தலையில் வைக்காதீர்கள்.

மெயின்டனன்ஸ் விஷயத்தில் மட்டும் நீங்கள் தளரக் கூடாது. பொதுச் செலவில் தன் பங்கைக் கொடுப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. ஹால் டெபாசிட்டில் தகராறு இருக்கிறது என்பதற்காக அதை நிறுத்தி வைக்க முடியாது. அதேபோல நீங்களும் மெயின்டனன்ஸ் பாக்கிக்காக டெபாசிட்டைப் பிடித்து வைக்காதீர்கள். இரண்டு கடிதங்கள் தனித்தனியாகப் போகட்டும். ஒன்றில் டெபாசிட் கணக்கு, பில் நகல்கள், 3,000 அனுப்பிய விவரம். இன்னொன்றில் மெயின்டனன்ஸ் நிலுவை மட்டும். ஒரே கடிதத்தில் கலந்தால் சண்டையும் கலந்துவிடும்.

இனி புதிய விதி. அடுக்குமாடிச் சங்கங்களின் கணக்கும் நிர்வாகமும் பார்ப்பது என் தொழில். ஹால் சண்டைகள் என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை, நான்கு வகைப் பணத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புவதிலிருந்து கிளம்புகின்றன. வாடகை, சுத்தம் செய்யும் கட்டணம், மின்சாரம், டெபாசிட் என்று நான்கையும் பிரித்து எழுதிவிட்டால், பிறகு பேசுவதற்கு அதிகம் இருக்காது.

முதலில் சுத்தம். "சுத்தம் செய்து ஒப்படைக்க வேண்டும்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். எவ்வளவு சுத்தம் போதும் என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போக மாட்டார்கள். நிகழ்ச்சி நடத்திய குடும்பம் விருந்தினரை வழியனுப்பிவிட்டுக் களைத்துப்போய், பெருக்கிவிட்டால் போதும் என்று நினைக்கும். அடுத்து வருபவர் தரை பிசுபிசுக்கிறது என்பார். அதற்குப் பதில், சுத்தம் செய்வது சங்கத்தின் வேலை, அதற்குத் திருப்பித் தராத ஒரு கட்டணம் என்று வைத்துவிடுங்கள். இரண்டு ஆட்கள், சுமார் மூன்று மணி நேரம், சோப்பு, பினாயில், குப்பைப் பை எல்லாம் சேர்த்து உங்களுக்கு 1,400 ஆகியிருக்கிறது. ஆகவே 1,500 என்று வைக்கலாம். இரவில் செய்தால் ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி கூடுதல் நேரத்துக்கு அதிகமாக பில் போடும், அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பணம் வேலை செய்தவருக்கு ஏஜென்சி வழியாகக் கணக்கோடு போய்ச் சேர வேண்டும். "இருநூறு ரூபாய் கையில் கொடுத்தேன், அந்த அம்மா பார்த்துக்கொள்வார்" என்ற ஏற்பாடு வேண்டாம். அப்படிச் செய்தால் மறுநாள் படிக்கட்டு பெருக்க வேண்டியவர் ஹாலில் இருப்பார், அவருக்கும் நியாயமான கூலி கிடைக்காது.

சாதாரண சுத்தம் இந்தக் கட்டணத்தில் அடங்கிவிட்டால், நிகழ்ச்சி நடத்துபவர் செய்ய வேண்டியது மூன்றே மூன்று: தாங்கள் கொண்டுவந்த அலங்காரத்தைக் கழற்றி எடுத்துச் செல்வது, மிச்சமான உணவையும் இலைகளையும் கேட்டரிங்காரர் மூலம் வெளியேற்றுவது, நாற்காலிகளை அடுக்கி வைப்பது. உணவுக் கழிவு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் சிங்க் அடைத்ததற்கும் அதுதான் காரணம். கேட்டரிங் ஆட்கள் சாம்பார், குருமா மிச்சத்தை சிங்கில் கொட்டி, அங்கேயே அண்டாவையும் கழுவுவார்கள். சூடாக இருக்கும்போது எண்ணெய் ஓடிவிடும். குழாய்க்குள் ஆறியதும் அது உறைந்து சோற்றுப் பருக்கையைப் பிடித்துக்கொள்ளும். ஹால் சிங்க் கை கழுவுவதற்கு மட்டும், பாத்திரங்களைக் கழுவாமலே எடுத்துச் செல்ல வேண்டும் என்று விதியில் எழுதுங்கள். அந்த வரியைக் கேட்டரிங்காரரிடம் காட்டச் சொல்லுங்கள். சிங்க் வாயில் ஒரு எஃகு வலைச் சல்லடையும் பொருத்திவிடுங்கள். செலவு சொற்பம்தான்.

இலைக் குப்பை உங்கள் குடியிருப்பின் அன்றாடத் தொட்டிக்குள் போகக் கூடாது. பந்தி முடிந்த ஒரு நாள் குப்பையே தொட்டியை நிறைத்துவிடும். கேட்டரிங்காரர் தன் டிரம்மில் எடுத்துப் போக வேண்டும். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை உரிமம் இல்லாத இடத்தில் நடத்தினால் மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே சொல்லியிருக்கிறது. உங்கள் ஹாலுக்கு நூறு பேர் என்று உச்சவரம்பு வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பிளாஸ்டிக் பூச்சுள்ள தட்டு, கப், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் இவையெல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை, அதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

அலங்காரத்தில் இரண்டு தடைகள் போதும். சுவரில் டேப், ஆணி, பசை எதுவும் கூடாது. அதற்கு மாற்றும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். மேடைச் சுவரில் கூரையை ஒட்டி ஒரு கம்பியும் கொக்கிகளும் அடித்து வையுங்கள், திரையையும் பலூன் வளைவையும் அதில் மாட்டிக்கொள்ளட்டும். அடுத்து, வெடித்துச் சிதறும் ஜிகினாக் காகிதமும் நுரை ஸ்பிரேயும் வேண்டாம். ஜிகினா ஏசியின் வடிகட்டிக்குள் போய் உட்காரும், சில நுரை ஸ்பிரேக்கள் கேக்கின் மெழுகுவத்தி பக்கத்தில் தீப்பிடிக்கும். உங்கள் ஹாலில் புகை உணர்கருவி இருந்தால் ஹோமம் செய்பவர்களுக்கும் ஒரு வழி சொல்லியாக வேண்டும். ஹால் வாசலை ஒட்டிய திறந்த இடத்தில் ஹோம குண்டத்தை வைக்க அனுமதிப்பதே நல்லது. கருவியை அணைத்து வைக்கும் பழக்கத்தைத் தொடங்காதீர்கள், அணைத்தவர் திரும்பப் போட மறந்துவிடுவார்.

மின்சாரத்துக்கு ஹாலில் தனியாக ஒரு சப்-மீட்டர் வையுங்கள். இரண்டு டன் ஏசி நான்கு ஓடினால் மணிக்கு ஏறத்தாழ எட்டு யூனிட் இழுக்கும். ஐந்து மணி நேரத்துக்கு நாற்பது யூனிட். பொதுப் பகுதி இணைப்பில் நீங்கள் யூனிட்டுக்குக் கட்டும் விலையால் பெருக்கினால் சில நூறு ரூபாய் வரும். தொகை பெரிதல்ல. ஆனால் ஏசியே போடாமல் காலையில் ஒரு மணி நேரம் தொட்டில் போட்டவரும், காலை முதல் இரவு வரை ஏசி ஓட்டியவரும் ஒரே தொகை கட்டும்போது மனத்தாங்கல் வருகிறது. சாவி கொடுக்கும்போதும் வாங்கும்போதும் மீட்டரைப் படம் எடுத்துக்கொண்டால் முடிந்தது. சங்கம் கட்டும் விலைக்கே வசூலியுங்கள், மேலே லாபம் வைக்காதீர்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடினால் மணிக்கு இவ்வளவு என்று டீசல் செலவைக் கணக்கிட்டு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். உங்கள் சிக்கலின் வேர் இதுதான். நாள் வாடகையை விட்டுவிட்டு இரண்டு வேளைகளாகப் பிரியுங்கள். காலை வேளை 6 முதல் 2:30 வரை. மாலை வேளை 4 முதல் 10:30 வரை. நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரம் சுத்தம் செய்ய மட்டும், அதை யாருக்கும் எந்தச் சலுகையாகவும் விட்டுத்தராதீர்கள். மறுநாள் காலை வேளைக்கு ஹால் பதிவாகியிருந்தால், அன்றிரவே 10:30-க்குச் சுத்தம் செய்ய ஆள் வர வேண்டும் என்று ஏஜென்சியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வேளை என்பது சாவி வாங்குவது முதல் சாவி கொடுப்பது வரை. இதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். பலர் 4 முதல் 10:30 என்பதை விருந்து நேரம் என்று எடுத்துக்கொண்டு, அலங்காரக்காரரை இரண்டு மணிக்கே வரச் சொல்லிவிடுவார்கள். மாலை வேளைக்குள் மூன்று கடிகார முனைகள் இருக்க வேண்டும்: 9:30-க்கு ஒலிபெருக்கி நிற்கும், 10-க்கு விருந்தினர் கிளம்பியிருப்பார்கள், 10:30-க்குப் பொருட்கள் வெளியேறி சாவி திரும்பும். ஒலி நிற்பதற்கும் ஹால் காலியாவதற்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. பாட்டு நின்றால்தான் கூட்டம் கலையத் தொடங்கும். பத்து மணி வரை பாட்டு என்று வைத்தால், விருந்தினர் கிளம்பவே பதினொன்று ஆகிவிடும்.

தாமதத்துக்குக் கட்டணம் வையுங்கள், அபராதம் என்ற சொல்லே வேண்டாம். 10:30-க்கு மேல் ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும், அல்லது அதன் பகுதிக்கும், 750 ரூபாய் என்று பொதுக்குழு ஏற்றுக்கொண்டால், அது முன்பே ஒப்புக்கொண்ட விலை. ஏஜென்சி ஆட்கள் காத்திருக்கும் கூலி, செக்யூரிட்டி, மின்சாரம் என்று அந்தத் தொகைக்கு ஓர் அடிப்படையும் காட்டலாம். இதை அரை மணிக்கு ஐயாயிரம் என்று ஏற்றினால், மேலே சொன்ன 74-வது பிரிவின் கதைதான்.

சத்தம் விஷயத்தில் உங்கள் குடியிருப்பில் இரண்டு கட்சி நிச்சயம் இருக்கும். "பத்து மணி வரை எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம்" என்பது ஒன்று. "நம்முடையது மூடிய ஹால், பத்துக்கு மேலும் வைக்கலாம்" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவு வைத்திருக்கின்றன. இரவு என்றால் 10 முதல் காலை 6 வரை. தனியாருடைய ஒலிபெருக்கியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் அளந்தால், இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது. அதாவது பகலில் 60, இரவில் 50. பக்கத்தில் நின்று இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினாலே 60 டெசிபல் வரும். பகலிலும் அவ்வளவுதான் வெளியே கேட்கலாம்.

மூடிய ஹாலுக்கு விலக்கு உண்டு என்பது உண்மை. சமுதாயக் கூடம், விருந்து மண்டபம் போன்ற மூடிய இடத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி இரவிலும் பயன்படுத்தலாம். ஆனால் எல்லையில் 50 டெசிபல் என்ற வரம்பு அப்போதும் போகாது. பந்திக்கு ஆள் போக வர கதவைத் திறந்து வைத்த ஹால், மூடிய ஹாலும் அல்ல. இந்த விதி ஒலிபெருக்கிக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். தவில், செண்டை, பேண்டு உள்ளிட்ட இசைக் கருவிகளும் இரவு நேரத் தடைக்குள் வருகின்றன. சட்டம் பத்து மணி என்கிறது. உங்கள் ஹாலுக்கு மேலேயே வீடு இருப்பதால், சங்கம் 9:30 என்று இறுக்கிக்கொள்வதில் தவறில்லை.

விதி எழுதிவிட்டால் மட்டும் மேல்வீட்டுக்காரர் தூங்கிவிட மாட்டார். அவரைத் தொந்தரவு செய்வது பாட்டின் குரல் அல்ல, அடியில் வரும் பேஸ். அது கதவு, ஜன்னல் வழியாகப் போவதைவிட கான்கிரீட் வழியாகவே அதிகம் ஏறும். தரையில் வைத்த சப்வூஃபர் கட்டடத்தையே அதிர வைக்கும், மூலையில் வைத்தால் இன்னும் கூடும். ஆகவே வெளியிலிருந்து டிஜே செட், சப்வூஃபர் எதுவும் கூடாது, சங்கத்தின் ஒலிக்கருவியை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று வையுங்கள். அந்த ஸ்பீக்கர்களை ரப்பர் மெத்தை போட்ட ஸ்டாண்டில், சுவரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.

அளவு குறிப்பதற்கு எளிய வழி ஒன்று சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஹால் கதவுகளை மூடி, சினிமாப் பாட்டு ஒன்றை ஓடவிடுங்கள். கமிட்டியிலிருந்து ஒருவர் மேல்வீட்டுப் படுக்கையறையில் நிற்கட்டும். ஹாலைப் பயன்படுத்தும் இன்னொரு குடும்பத்திலிருந்து ஒருவரும் அவருடன் நிற்கட்டும். பேஸ் குமிழை முதலில் குறைத்து, பிறகு ஒலியை மெல்ல ஏற்றுங்கள். மேலே நிற்பவர் "இதற்கு மேல் வேண்டாம்" என்று போனில் சொல்லும் இடத்தில் குமிழுக்கு எதிரே பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். போனில் உள்ள டெசிபல் செயலியை எல்லைச் சுவர் அருகே வைத்துப் பாருங்கள், ஆனால் அது தோராயம்தான். அதை வைத்து யாருக்கும் தண்டனை கொடுக்க முடியாது.

நிறுத்துவது யார் என்பது அடுத்த சிக்கல். செக்யூரிட்டியை அனுப்பினால், மாதம் முழுவதும் தான் சல்யூட் அடிக்கும் வீட்டுக்காரரிடம் அவர் எப்படிக் கண்டிப்பாகப் பேசுவார்? அந்த மனிதரை அந்த நிலையில் நிறுத்துவது நியாயமே இல்லை. ஒலிக்கருவிக்கான பிளக் பாயிண்டைத் தனி எம்சிபிக்கு மாற்றி, டைமர் ஸ்விட்ச் ஒன்றைப் போட்டு, பெட்டியைப் பூட்டிவிடுங்கள். 9:20-க்கு செக்யூரிட்டி வந்து "இன்னும் பத்து நிமிடம் சார்" என்று நினைவூட்டுவார். 9:30-க்கு மின்சாரம் தானாக நிற்கும். விளக்கு, மின்விசிறி, ஏசி ஓடிக்கொண்டிருக்கும். எந்த மனிதரும் எந்த மனிதரையும் தடுக்க வேண்டிய தேவை இருக்காது. மற்ற பாயிண்டிலிருந்து வயர் இழுத்துப் பாட்டு வைத்தால், எழுத்தில் எச்சரிக்கை. மறுமுறையும் அப்படியே நடந்தால் ஆறு மாதத்துக்கு ஹால் இல்லை.

ஒலிபெருக்கி இல்லாத சத்தத்தையும் கவனியுங்கள். இரும்பு மேசையைத் தரையில் இழுப்பது மேல்வீட்டுக்குப் பாட்டைவிடக் கொடுமையாகக் கேட்கும். கால்களுக்கு ரப்பர் குப்பி மாட்டிவிடுங்கள், 10 மணிக்கு மேல் மேசையைத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும் என்று எழுதுங்கள். விருந்தினர் வாகனங்களுக்கு வெளியே எங்கே இடம் என்பதைப் பதிவுப் படிவத்திலேயே அச்சிட்டுவிட்டால், இரவில் ஹாரன் சத்தமும் குறையும்.

இப்போது டெபாசிட். சுத்தம், மின்சாரம், தாமதம் எல்லாம் தனித்தனியாக விலை பெற்றுவிட்டதால், டெபாசிட் என்பது உடைசலுக்கும் கணக்குத் தீர்ப்பதற்கும் மட்டும். 7,500 போதும். அதை உறுப்பினர்களின் டெபாசிட் என்று பொறுப்புப் பக்கத்தில் வையுங்கள், வருமானத்தில் சேர்க்கவே கூடாது. சாவி கொடுக்கும்போது ஒரு பக்கப் பட்டியல்: நான்கு சுவர், தரை, சிங்க், கழிப்பறை, ஏசி ரிமோட், மைக், நாற்காலி எண்ணிக்கை, மீட்டர் அளவு. ஒவ்வொன்றுக்கும் போனில் ஒரு படம், இருவர் கையெழுத்து. சாவி திரும்பும்போது அதே பட்டியல், அதே படங்கள். இரவில் அவசரமாக இருந்தால் மறுநாள் காலை ஒன்பதுக்குள், அடுத்த நிகழ்ச்சி இருந்தால் அதற்கு முன், இரு தரப்பும் நின்று பார்க்க வேண்டும். அவர் வரவில்லை என்றால் கமிட்டியின் படங்களே கணக்கு. ஏழு நாட்களுக்குள் மீதிப் பணம், பிடித்ததற்கான பில் நகலுடன், அவர் அனுப்பிய அதே வங்கிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். ஏழு நாள் கெடு கமிட்டியையும் கட்டுப்படுத்தட்டும். எட்டாவது நாள் வந்துவிட்டால் பிடித்தம் எதுவும் இல்லாமல் முழுத்தொகையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். கமிட்டியிலிருந்தே எதிர்ப்பு வரும், விட்டுக்கொடுக்காதீர்கள். "அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுக்கிறோம்" என்ற பதிலால்தான் டெபாசிட்டுகள் மாதக்கணக்கில் தொங்குகின்றன.

அதே பிறந்தநாள் விழா இந்த விதியின் கீழ் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாலை வேளைக்கு வாடகை 2,500, சுத்தத்துக்கு 1,500, மீட்டர்படி மின்சாரம், டெபாசிட் 7,500. பாட்டு 9:30-க்குத் தானாக நின்றிருக்கும். அப்படியும் காலி செய்ய 11:15 ஆனால், தாமதம் 45 நிமிடம், அதாவது இரண்டு அரை மணி, 1,500 ரூபாய். பிளம்பருக்கு 600. சுவர் முன்பு நன்றாக இருந்ததற்குப் படம் இருப்பதால், ஆயுள் கழித்த பெயிண்ட் செலவு 1,400. மொத்தம் 3,500 பிடித்து, 4,000 ரூபாய் ஒரு வாரத்தில் திரும்பியிருக்கும். அவர் இப்போது இழந்ததைவிடக் குறைவாகத்தான் இழந்திருப்பார். இரவே ஆள் வந்து சுத்தம் செய்திருப்பதால் காலைக் குடும்பத்துக்கும் ஹால் தயாராக இருந்திருக்கும்.

ரத்து செய்பவர்களுக்கு: பதினைந்து நாள் முன்பு சொன்னால் வாடகை முழுவதும் திரும்பட்டும், அதற்குப் பிறகு பாதி. டெபாசிட்டும் சுத்தக் கட்டணமும் எப்போது ரத்து செய்தாலும் முழுதாகத் திரும்ப வேண்டும், ஏனென்றால் ஹாலை அவர் பயன்படுத்தவே இல்லை. வீட்டில் துக்கம் என்றால் எதையும் பிடிக்காதீர்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உரிமையாளருக்குள்ள அதே கட்டணமே இருக்கட்டும். அவர்களும் அங்கே வாழ்பவர்கள்தான். வெளியாட்களுக்குக் கொடுக்க வேண்டாம். "என் நண்பர் வீட்டு விசேஷம், என் பெயரில் போட்டுக்கொள்ளுங்கள்" என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பதிவு செய்தவர் அல்லது அவர் வீட்டில் ஒருவர் நிகழ்ச்சி முழுவதும் ஹாலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதைப் பெருமளவு தடுக்கும். பணம் வருகிறதே என்று கமிட்டியில் சிலர் ஆசைப்படுவார்கள். உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே போட்டு எடுக்கும் பணத்துக்கு வருமான வரி கிடையாது என்ற பரஸ்பரத் தத்துவம், வெளியாளிடம் வாங்கும் வாடகைக்குப் பொருந்தாது.

ஜிஎஸ்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். 84 வீடு, மாதம் 3,200 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 32 லட்சம். வீட்டுக்கு மாதம் 7,500 வரையிலான மெயின்டனன்ஸுக்கு வரி விலக்கு இருப்பதால், உங்களுக்கு வரி எதுவும் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். ஹால் வாடகை அந்தப் பொதுச் செலவுப் பங்கில் அடங்காது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டிய சங்கம், விலக்கு இல்லாத வாடகையையும் வாங்கும்போது பதிவு செய்ய வேண்டிய கேள்வி எழுகிறது. திருப்பித் தரும் டெபாசிட் இதில் சேராது, அதைத் தனியாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். புதிய கட்டணத்தை அறிவிக்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்கிவிடுங்கள்.

இந்த விதிகளைக் கமிட்டி மட்டும் கூடி அறிவித்தால் மறுபடியும் "எந்த விதியில்?" என்ற கேள்விதான் வரும். வரைவை எல்லா வீடுகளுக்கும் முன்கூட்டியே அனுப்பி, மேல்வீட்டுக்காரர்கள் இருவரிடமும் நேரில் பேசி, பொதுக்குழுவில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தில் விதிகளை அச்சடித்து, பதிவு செய்பவர் அதன்கீழ் கையெழுத்திடட்டும். தீர்மானத்துக்கு முன்பே பதிவு செய்து பணம் கட்டியவர்கள் இருந்தால், அவர்கள் நிகழ்ச்சி முடியும் வரை பழைய 3,000 வாடகையும் 5,000 டெபாசிட்டும்தான். ஒலி நிறுத்தும் நேரத்தை மட்டும் அவர்களிடம் இப்போதே போனில் சொல்லி, சம்மதம் கேட்டு வையுங்கள்.